புது மண்கரையின் வெளிப்பக்கம் தண்ணீர் ஊறுகிறது: குழாய் ஓரமா, அடிமண்ணா, வேறு எதுவா?

புதுக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நிலத்தின் நடுவே ஓடும் சின்ன ஓடைக்குக் குறுக்கே மண்கரை போட்டிருக்கிறேன். உயரம் 3 மீட்டர், நீளம் 42 மீட்டர், மேல் அகலம் இரண்டரை மீட்டர். தண்ணீர்ப் பக்கச் சரிவு இரண்டரைக்கு ஒன்று, வெளிப்பக்கம் இரண்டுக்கு ஒன்று. மண் எல்லாம் குளத்துக்குள்ளேயே வெட்டியது, களி கலந்த செம்மண். நடுவில் அடியில் பள்ளம் எடுத்துக் களி நிரப்பித்தான் கரையை எழுப்பினோம். ஒரு பக்கம் கல் பதித்த கலிங்கு உண்டு. அடிமட்டத்தில் 110 மி.மீ. பிவிசி குழாய், வெளியே வால்வு.

முதல் மழையில் 2.10 மீட்டர் நின்றது. மூன்றாம் நாள் கரையடியில் ஈரம், ஐந்தாம் நாள் சிறு ஓடையாகவே ஓடுகிறது. 15 லிட்டர் வாளி 40 விநாடியில் நிறைகிறது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. குழாயிலிருந்து நாலு மீட்டர் தள்ளி வருவதால் குழாய் ஓரமாகத்தான் வந்து வளைந்து வெளியேறுகிறது என்று சந்தேகப்படுகிறேன். வெளிப்பக்கம் சிமெண்ட் பூசிவிடலாமா, தார்ப்பாய் போட்டு மேலே மண் அடிக்கலாமா?

---

சட்டுபுட்டு

பூசுங்க, யோசிக்கவே வேணாம். எனக்கும் இதே கதைதான். ஒழுகின இடத்துல ரெண்டு டிராக்டர் களிமண்ணைக் கொட்டி ஜேசிபி பக்கெட்டால அடிச்சு இறுக்கினேன். அன்னைக்கே நின்னுபோச்சு. ஓட்டை எங்க இருக்கோ அங்கதானே அடைக்கணும்.

---

பழைய ஓவர்சியர்

தம்பி புதுக்கரை, சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

சட்டுபுட்டு சொன்னதில் பாதி சரி. களிமண்தான் மருந்து, ஆனால் பூசும் பக்கம் தப்பு. தண்ணீர் நுழையும் பக்கம் அடைக்க வேண்டும், வெளியேறும் பக்கம் வழி விட வேண்டும். வெளிப்பக்கத்தை மூடினால் உள்ளே வந்த தண்ணீர் திரும்பிப் போகாது, கரைக்குள்ளேயே ஏறும். ஏற ஏற வெளிச்சரிவு மண் ஊறிக் கனத்து, ஒருநாள் தயிர்க்கட்டி போலச் சரியும். இல்லையென்றால் பூச்சின் ஓரத்தில் பலவீனமான இடம் பார்த்து மண்ணையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். அதுதான் ஆபத்து. கசிவு தெளிவாக வரும்வரை உங்களுக்கு நஷ்டம் தண்ணீர் மட்டும்தான். கலங்கி வர ஆரம்பித்தால் கரையே உள்ளிருந்து கரைகிறது என்று அர்த்தம்.

இப்போதைக்கு மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, கண்ணாடி பாட்டிலில் கசிவு நீரைப் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள், அடியில் மண் படிகிறதா பாருங்கள். வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதும் அடியில் மெல்லிய வண்டல் விடலாம். இரண்டு, குளத்தில் அளவுக்கோல் நட்டு, வால்வைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக மட்டத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதுங்கள். மூன்று, வெளிச்சரிவில் புல் இருந்தால் அரிவாளால் அடியோடு சீவிவிட்டுப் பாருங்கள். ஓடை கரையடியில் ஓடுகிறது என்பதற்காக அங்கேதான் வெளியே வருகிறது என்று இல்லை.

இரவில் கலங்கினால் காத்திருக்காதீர்கள். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, ஊறும் வாயின் மேல் முதலில் பெருமணல், அதன்மேல் ஜல்லி கொட்டுங்கள். தண்ணீர் போகட்டும், மண் போகக்கூடாது.

---

கிணற்றடி

எனக்கு ஒன்று புரியவில்லை. தடுப்பணை கட்டுவதே தண்ணீர் பூமிக்குள் இறங்கத்தானே? என் நிலத்துக்கு மேற்கே ஒரு தடுப்பணை வந்தபிறகு கிணறு கோடையிலும் வற்றுவதில்லை. கசிவை ஏன் நிறுத்த வேண்டும், விட்டுவிட்டால் கீழே இருப்பவர்களுக்குப் புண்ணியம்தானே.

---

மண்வெட்டி

ஐயா, நீங்கள் சொல்வது குளத்தின் தரை வழியாக இறங்குவது. அது நல்லது, யாரும் தடுக்கச் சொல்லவில்லை. இவர் கேட்பது கரையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவது. இரண்டும் ஒரே தண்ணீர்தான், போகிற வழி வேறு.

இன்னொன்று, இவருக்குத் தேவை பாசன சேமிப்பா, கிணற்று ஊறலா என்று அவர் சொல்லவே இல்லை. ஊறலுக்கு என்றால் தரையை மெழுகாமல் விடலாம். பாசனம் என்றால் கணக்கு வேறு. புதுக்கரை, குளத்தின் நீர்ப்பரப்பு எவ்வளவு, வால்வு மூடியிருக்கும்போது ஒரு நாளைக்கு மட்டம் எவ்வளவு இறங்குகிறது?

---

புதுக்கரை

பாசனத்துக்குத்தான். நிறைந்தபோது பரப்பு சுமார் 1800 சதுர மீட்டர். வால்வை மூடி வைத்துப் பார்த்ததில் நாளுக்கு 3 செ.மீ. இறங்கியது. பாட்டிலில் ஒன்றும் படியவில்லை, நிம்மதி. மட்டக் கணக்கு நாளை போடுகிறேன்.

---

மண்வெட்டி

அப்படியானால் நாளுக்கு 54 கனமீட்டர் போகிறது. உங்கள் வாளிக் கணக்கில் 40 விநாடிக்கு 15 லிட்டர், நாள் முழுக்க 32,400 லிட்டர், அதாவது 32.4 கனமீட்டர். ஆவியாவது நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் 9 கனமீட்டர். மீதி 12 சொச்சம் தரை வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் இறங்குகிறது. ஆக, நஷ்டத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே ஒரு வாய் வழியாக. தரையை அடைக்க பெண்டோனைட் களிப்பொடி கொட்டலாமா என்று யாராவது ஆலோசனை சொன்னால் இப்போதைக்குக் காது கொடுக்காதீர்கள்.

---

சிற்றோடை

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது மண்கரை இல்லை, கல்கட்டுத் தடுப்பணை. மணல் ஓடையில் ஒன்றரை மீட்டர் உயரம். சுவரில் ஒரு பொட்டு ஒழுகல் இல்லை, ஆனால் கீழ்ப்பக்கத் தளம் முடியும் இடத்தில் மணல் கொதிப்பது போல் குமிழி விடுகிறது. சுவரைத் தடிமனாக்கச் சொல்கிறார் மேஸ்திரி.

---

பழைய ஓவர்சியர்

அம்மா, சுவர் தடிமன் அதற்கு உதவாது. தண்ணீர் சுவரைத் துளைக்கவில்லை, அடியில் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சுற்றுவழியை நீளமாக்க வேண்டும். லேன் என்ற பொறியாளர் 1935ல் கொடுத்த கணக்கை நாங்கள் சிறு அணைகளுக்குப் போட்டுப் பார்ப்போம். செங்குத்தாக இறங்கி ஏறும் தூரம் முழுதாகச் சேரும், படுக்கையாகப் போகும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சேரும். பெருமணல் என்றால் நிற்கும் தண்ணீர் உயரத்தைப் போல் ஐந்து மடங்கு வர வேண்டும். உங்களுக்கு ஒன்றரை மீட்டருக்கு ஏழரை.

தளம் நாலு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கிடைப்பது 1.33 தான். மேல்பக்க அடிச்சுவர் ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் இறங்க ஏற 3. கீழ்ப்பக்கம் ஒரு மீட்டர் என்றால் 2. மொத்தம் 6.33, போதாது. மேல்பக்க அடிச்சுவரை 2.10 மீட்டர் ஆக்கினால் 7.53 வந்துவிடும். தளத்தை நீட்டி இதே பலனை எடுக்க இன்னும் மூன்றரை மீட்டர் கான்கிரீட் போட வேண்டும். ஆழம்தான் மலிவு. உங்கள் அளவுகளைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். நுண்மணல் என்றால் ஐந்து போதாது, ஏழு மடங்கு வேண்டும். அதுவரை குமிழி விடும் இடத்தைச் சுற்றி மணல் மூட்டையால் வளையம் கட்டித் தண்ணீரை உள்ளே தேங்க விடுங்கள், வேகம் குறையும்.

பக்கச் சுவர்கள் ஓடைக்கரைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்றும் பாருங்கள். கல் தடுப்பணைகளில் நான் பார்த்த பாதிக்கு மேல் நடுவில் உடைந்ததில்லை, தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியதுதான்.

---

புதுக்கரை

மட்டக் கணக்கு, 15 லிட்டர் வாளிக்கு:

2.10 மீட்டர்: 40 விநாடி
1.90 மீட்டர்: 55 விநாடி
1.70 மீட்டர்: 1 நிமிடம் 30 விநாடி
1.50 மீட்டர்: 4 நிமிடம் 40 விநாடி
1.40 மீட்டர்: வாளி பிடிக்க முடியவில்லை, ஈரம் மட்டும்

புல்லைச் சீவிவிட்டேன். ஓவர்சியர் ஐயா சொன்னது சரிதான். கரையடியில் இல்லை, இடுப்புக்குச் சற்று மேலே, ஏறக்குறைய நேர்கோடாக மூன்று மீட்டர் நீளத்துக்கு மண் வேர்த்தது போல இருக்கிறது. அங்கிருந்து வழிந்து கீழே ஓடையாகச் சேருகிறது.

---

பழைய ஓவர்சியர்

இதைவிடத் தெளிவாக ஒரு கரை பேசாது.

குழாய் அடிமட்டத்தில் இருக்கிறது. குழாய் ஓரமாக வந்தால் 1.40க்குக் கீழே இறங்கினாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும், குளம் வற்றும்வரை. அடிமண் வழியாக என்றாலும் அப்படியே. உங்களுடையது 1.40ல் நின்றுவிட்டது. அங்கேதான் வாசல். இன்னும் ஒன்று கவனியுங்கள். 1.40க்கு மேலே 70 செ.மீ. நின்றபோது விநாடிக்கு 375 மில்லி, 30 செ.மீ. நின்றபோது 167, 10 செ.மீ. நின்றபோது 54. தண்ணீர் உயரம் எந்த விகிதத்தில் குறைந்ததோ அதே விகிதத்தில் ஒழுகலும் குறைந்திருக்கிறது. எலி வளை போன்ற திறந்த ஓட்டை என்றால் இப்படி நேர்விகிதத்தில் குறையாது. இது மண்ணின் இடுக்கில் ஊறி வருவது.

நேர்கோடாக வேர்க்கிறது என்கிறீர்கள். இயற்கை நேர்கோடு போடாது. கரை கட்டும்போது 1.40 மீட்டர் உயரத்தில் என்ன நடந்தது?

---

புதுக்கரை

ஐயா, படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

அந்த உயரத்தில் வண்டி பழுதாகி ஐந்து வாரம் வேலை நின்றது. மழை வந்தால் தேங்கக்கூடாது என்று மேல்பரப்பை வெளிப்பக்கம் சாய்வாக இழுத்துவிட்டு, டிராக்டரை நாலு முறை ஓட்டி மழமழவென்று ஆக்கிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது கல் மாதிரி காய்ந்து வெடித்திருந்தது. அப்படியே மேலே புது மண் கொட்டினோம். "நல்லா கெட்டியா இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும்" என்றார் ஓட்டுநர். நானும் தலையாட்டினேன்.

---

மண்வெட்டி

அதேதான். காய்ந்து மழமழப்பான தளத்தில் புது மண் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே காகிதம் வைத்தது போல ஓர் இடுக்கு ஓடும். வெளிப்பக்கம் சாய்வு வைத்ததால் 1.40ல் நுழைந்தது இடுப்பு உயரத்தில் வெளியே வருகிறது. வேலை நின்று தொடங்கும்போது காய்ந்த மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, கல்டிவேட்டரால் ஐந்து செ.மீ. கீறி, தண்ணீர் தெளித்து, அதன்பிறகுதான் அடுத்த அடுக்கு. அரை நாள் வேலை.

சரிசெய்ய எளிய வழி, கரையின் மேலிருந்து நீளவாக்கில் 60 செ.மீ. அகலத்தில் பள்ளம் எடுத்து, இடுக்கைத் தாண்டி அரை மீட்டர் இறக்கி, களியை நிரப்புவது. ஜேசிபிக்கு இரண்டு நாள்.

---

பழைய ஓவர்சியர்

மண்வெட்டி, ஆழம் என்ன வருகிறது? மேலிருந்து இடுக்குக்கு 1.60, இன்னும் அரை மீட்டர், ஆக 2.10. அந்த அகலத்தில் இரண்டு மீட்டர் ஆழப் பள்ளத்துக்குள் யார் இறங்கி அடுக்கடுக்காக இடிப்பார்கள்? புது மண், ஈரக் கரை, பக்கம் சரிந்தால் ஆள் புதைந்துவிடுவான். இறங்காமல் மேலிருந்து கொட்டினால் களி இறுகாது, உள்ளே பொந்து விடும். பழைய வியாதி புது இடத்தில்.

நான் செய்வது தண்ணீர்ப் பக்கத்தில். குளத்தை 0.80க்கு இறக்குங்கள். சரிவைப் படிக்கட்டு போல 30 செ.மீ. உயரப் படிகளாக வெட்டுங்கள், 0.80லிருந்து 2.40 வரை. அந்தப் படிகள் மேல் டிராக்டர் ஓடும் அளவுக்கு, குறைந்தது இரண்டு மீட்டர் அகலத்துக்குக் களியைப் படுக்கையாக அடுக்கி வாருங்கள். உதிரியாக 15 செ.மீ. பரப்பினால் இறுகி 10 ஆகட்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் முன் கீறித் தெளிப்பதை மட்டும் மறக்காதீர்கள்.

வெளிப்பக்கம் வேர்க்கும் இடத்தில் மண்ணை லேசாகச் சுரண்டி, முதலில் பெருமணல் 20 செ.மீ., அதன்மேல் சிறு ஜல்லி 20 செ.மீ., அதன்மேல் கல். வரிசை மாறக்கூடாது. கரைமண்ணை மணல் பிடிக்கும், மணலை ஜல்லி பிடிக்கும். ஜல்லியை நேராக மண்மேல் வைத்தால் சந்து வழியாக மண் ஓடிவிடும்.

---

மண்வெட்டி

ஆள் இறங்காமல் பக்கெட்டாலேயே ஈரக்களியை அமுக்கி நிரப்பிய கரைகளை நான் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் நிற்கின்றன. ஆனால் குளத்தை இறக்க முடிகிற இடத்தில் ஐயா வழி நல்லது, ஒத்துக்கொள்கிறேன்.

---

சட்டுபுட்டு

களின்னா சுத்தக் கரிசல் கிடைச்சா பிரமாதமா இருக்குமே? களி எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லதுதானே.

---

பழைய ஓவர்சியர்

கரிசல் ஈரத்தில் இருக்கும்வரை ராஜா. குளம் வற்றியதும் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், அடுத்த மழையில் அந்த வெடிப்பு வழியாகத்தான் முதல் தண்ணீர் போகும். கரையின் உள்ளே, மேலே வேறு மண் மூடி வைத்தால் சரி. வெயில் படும் முகத்தில் வேண்டாம். களி கால் பங்கு அளவில் இருந்து மீதி மணலும் வண்டலுமாக இருக்கும் மண்தான் எனக்குப் பிடித்தது.

புதுக்கரை, எடுக்கப்போகும் மண்ணில் இரண்டு சோதனை. ஈரமாக்கிக் கையில் கயிறாக உருட்டுங்கள், மூன்று மி.மீ. அளவுக்கு மெலிந்த பிறகு முறிந்தால் ஈரமும் களியும் போதுமான அளவில் இருக்கின்றன. அதற்கு முன்பே உதிர்ந்தால் தெளிக்க வேண்டும், இன்னும் மெலிதாக நீண்டுகொண்டே போனால் ஈரம் அதிகம், ஒரு நாள் காயட்டும். இரண்டாவது, கடலை அளவு மண்கட்டியை பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரில் போட்டுக் கலக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். கட்டி சரிந்து குவியலாக உட்கார்ந்தால் பரவாயில்லை. அதைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் அந்தக் களி தண்ணீரில் தானே கரையும் வகை. எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே குடைந்துவிடும்.

---

சட்டுபுட்டு

சரி, நான் அடைச்சது நின்னுபோச்சுன்னு சொன்னேன்ல. இதெல்லாம் படிச்சுட்டு நேத்து போய்ப் பார்த்தேன். அடைச்ச இடம் காஞ்சுதான் கெடக்கு. ஆனா ரெண்டு மீட்டர் தள்ளிக் கரையடியில கால் வச்சா கணுக்கால் இறங்குது. இது அதோட சம்பந்தமா?

---

பழைய ஓவர்சியர்

சம்பந்தம்தான். போன மாதம் அங்கே அப்படி இல்லை என்றால் சம்பந்தமேதான். நீங்கள் கொட்டிய களியை எடுத்துவிட்டு மணலும் ஜல்லியும் வையுங்கள். எடுப்பதற்கு முன் குளத்தை இறக்குங்கள், நிறைந்த தண்ணீரோடு அதைத் தொடாதீர்கள்.

---

புதுக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

எதிர் மேட்டு மண் பாலாகக் கலங்கியது, விட்டுவிட்டேன். குளத்தின் மேல் முனையில் எடுத்த மண் சரிந்து உட்கார்ந்தது, கயிறும் சரியாக முறிந்தது. படி வெட்டும்போது இடுக்கைக் கண்ணாலேயே பார்த்தேன். கீழே சிமெண்ட் தரை போல ஒரு கோடு, அதன்மேல் புது மண் வைத்தது வைத்தபடி. விரல் நகத்தைச் செருகினால் நுழைகிறது.

ஆனால் முழு நீளமும் செய்ய முடியவில்லை. மழை வருவதற்குள் இடது பக்கம் 25 மீட்டர்தான் ஆயிற்று. களி மட்டும் இறுகிய அளவில் 80 கனமீட்டர் பிடித்தது. வெளிப்பக்கம் மணல், ஜல்லி, கல் வைத்து அடியில் ஒரு வாளிக்குழி விட்டிருக்கிறேன்.

இப்போது மட்டம் 1.90. முன்பு 55 விநாடியில் நிறைந்த வாளிக்கு இன்று 6 நிமிடம். தெளிவாக இருக்கிறது.

---

மண்வெட்டி

நல்ல சேதி. குழாய்க்கு வளையம் ஏதும் போட்டீர்களா? இன்று ஒழுகவில்லை என்றாலும் பிவிசியின் கீழ்ப்பாதியை ஒட்டி மண் இறுகியிருக்காது.

---

பழைய ஓவர்சியர்

நாங்கள் குழாயைச் சுற்றி இரண்டு மூன்று கான்கிரீட் வளையம் போடாமல் கரையை மூடியதே இல்லை. தண்ணீர் சுற்றிப்போகும் தூரம் கூடும்.

---

மண்வெட்டி

ஐயா, அந்த வளையத்தை ஒட்டித்தான் ரோலரே போகாது, மண் தளர்ந்து கிடக்கும். அமெரிக்காவில் 2005ல் வந்த கரைக்குழாய் வழிகாட்டியிலேயே வளையத்தை விட்டுவிட்டு, குழாயின் வெளிமுனைப் பக்கத்தில் சுற்றிலும் மணல் வடிகட்டி வைக்கச் சொல்கிறார்கள். வெளியேறும் பக்கம் வழி விடு என்று நீங்கள் முதல் நாள் சொன்னதும் அதுதானே.

---

பழைய ஓவர்சியர்

நான் போட்ட வளையங்கள் முப்பது வருடமாக நிற்கின்றன. கையால் இடித்து இறுக்கினோம், ரோலரை நம்பவில்லை. இருந்தாலும் மணல் யோசனையை மறுக்கவில்லை.

---

புதுக்கரை

வளையம் இரண்டு போட்டேன், மணல் இல்லை.

இன்னொரு விஷயம். இன்று காலை வலது பாதியில், செய்யாமல் விட்ட பக்கத்தில், அதே இடுப்பு உயரத்தில் கையளவு ஈரம். வாளி பிடிக்கும் அளவுக்கு இல்லை. ஓரத்தில் குச்சி நட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.

---

பழைய ஓவர்சியர்

குச்சி ஒன்று போதாது. ஈரத்தின் நாலு விளிம்பிலும் நடுங்கள், வாரம் ஒருமுறை மட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். மட்டம் ஏறாமலே ஈரம் குச்சியைத் தாண்டினால் அன்றைக்கே இங்கே எழுதுங்கள்.